விற்ற தொகை பொருந்துகிறது, லாபம் இடிக்கிறது: மியூச்சுவல் ஃபண்ட் நோட்டீஸுக்குப் பதில் எழுதும் முன் பார்க்க வேண்டியவை

மியூச்சுவல் ஃபண்ட் விற்றதில் ஃபண்ட் தரப்பு அனுப்பிய மூலதன ஆதாயப் பட்டியல் ஒரு லாபத்தைக் காட்டும். வருமான வரித் துறை தொகுத்துத் தரும் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை வேறொன்றைக் காட்டும். நடுவில் நோட்டீஸ் வந்து நிற்கும். இந்த நேரத்தில் இரண்டு தவறுகள் சகஜம். பயந்து ஏஐஎஸ் எண்ணை அப்படியே ஒப்புக்கொண்டு வரி கட்டிவிடுவது ஒன்று. 'ஃபண்ட் பட்டியல்படிதான் காட்டினேன்' என்று ஒரு வரியில் பதில் போட்டுவிடுவது மற்றொன்று. இரண்டு தாள்களும் தவறாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒன்றோடொன்று ஒத்துப்போய்க்கொண்டே தவறாகவும் இருக்கலாம். அதனால் மொத்தத் தொகையை மொத்தத் தொகையோடு ஒப்பிடாமல், வாங்கிய தவணை வாரியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே சொல்லப்போகும் வழி. எடுத்துக்காட்டுகள் 2024-25 நிதியாண்டுக்கானவை, அதாவது 2025-26 மதிப்பீட்டு ஆண்டு. பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் உள்ளவை.

நோட்டீஸ் சொல்வது விற்ற மதிப்பா, லாபமா?

`Sale of securities and units of mutual fund` என்ற வரிக்கு எதிரே 7,50,000 ரூபாய் என்று இருந்து, உங்கள் ரிட்டர்னில் ஆதாயம் 3,48,000 என்று இருந்தால், 4,02,000 ரூபாயை மறைத்துவிட்டதாகப் பொருள் இல்லை. அந்த வரியில் இருப்பது பெரும்பாலும் விற்ற மதிப்பு. ரிட்டர்னில் 112A அட்டவணையிலும் மூலதன ஆதாய அட்டவணையிலும் நீங்கள் நிரப்பிய விற்பனை மதிப்புகளைக் கூட்டிப் பாருங்கள். அது 7,50,000 என்றால் நோட்டீஸின் பாதி கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. லாபத்தை மட்டும் எழுதி விற்பனை மதிப்பைக் குறைத்துக் காட்டியவர்களுக்குத்தான் இந்த இடத்தில் சிக்கல்.

கூடவே நோட்டீஸின் வகையையும் பாருங்கள். இ-கேம்பெய்ன் செய்தி என்றால் அது நினைவூட்டல். 133(6) என்றால் தகவல் கேட்கிறார்கள். 143(1)(a) என்றால் ரிட்டர்னில் செய்யப்போகும் திருத்தத்தை முன்கூட்டியே சொல்கிறார்கள், பதில் சொல்ல 30 நாள். 143(2) என்றால் ஆய்வே தொடங்கிவிட்டது. பதில் போடும் இடமும் பின்னால் ரிட்டர்னைத் திருத்த முடியுமா என்பதும் இந்த வகையைப் பொறுத்தே அமையும்.

கையில் எடுக்க வேண்டிய மூன்று தாள்கள்

முதலாவது ஏஐஎஸ். incometax.gov.in-இல் உள்நுழைந்து AIS பகுதிக்குப் போய், சம்பந்தப்பட்ட நிதியாண்டைத் தேர்ந்து, SFT Information பகுதியில் விற்பனை வரியை விரித்துப் பாருங்கள். விற்ற தேதி, யூனிட் எண்ணிக்கை, விலை, வாங்கிய செலவு, குறுகிய காலமா நீண்ட காலமா என்பது வரிவரியாக வரும். பிடிஎஃப்பை இறக்கினால் கடவுச்சொல் சிறிய எழுத்தில் பான் எண், அதையடுத்து பிறந்த தேதி எட்டு இலக்கத்தில். ரிட்டர்ன் போட்ட நாளில் பார்த்த ஏஐஎஸ்ஸே இன்றும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். தகவல் வரவர அது மாறும். இன்றைய நகலை எடுத்துத் தேதி குறித்து வையுங்கள்.

இரண்டாவது மூலதன ஆதாயப் பட்டியல். ஃபண்ட் நிறுவனங்களின் கணக்கைப் பராமரிக்கும் ரெஜிஸ்ட்ரார்கள் கேம்ஸும் கேஃபின்டெக்கும். சில ஃபண்டுகள் இவரிடம், சில அவரிடம். ஒருவரிடம் மட்டும் வாங்கினால் பாதிக் கணக்குதான் வரும்.

மூன்றாவது, பலர் எடுக்காமல் விடுவது: முதல் நாளிலிருந்து எல்லாப் பரிவர்த்தனையும் உள்ள விரிவான ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை. கேட்கும்போது Detailed என்பதையும், தொடக்க தேதியை முதல் முதலீட்டுக்கும் முந்தியதாகவும் கொடுங்கள். லாபக் கணக்கு எதுவும் இல்லாமல் வாங்கியது, விற்றது, மாற்றியது மட்டும் இருக்கும் இதுதான் மற்ற இரண்டையும் சோதிக்கும் உரைகல். பழைய மின்னஞ்சலில் பதிவான ஃபோலியோ இதில் விடுபடும். அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

முதலீட்டுச் செயலியில் தெரியும் லாபத்தை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அங்கே சராசரி விலையில் கணக்கு போட்டிருக்கலாம். வரிக்கு முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கொள்ள வேண்டும். அதுவும் ஒவ்வொரு ஃபோலியோவுக்கும், ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனியாக. ஒரே ஃபண்டில் இரண்டு ஃபோலியோ இருந்தால் இரண்டையும் கலக்கக் கூடாது.

பொருத்தும் வரிசை இதுதான்: யூனிட் எண்ணிக்கை, பிறகு விற்ற மதிப்பு, பிறகு வாங்கிய தேதி, கடைசியில் செலவு. லாபத்தில் இறங்குவது இவை நான்கும் முடிந்த பிறகே.

அறிகுறி: ஏஐஎஸ்ஸில் விற்ற மதிப்பே கூடுதலாக இருக்கிறது

யூனிட்டுகள் டீமேட்டில் இருந்தால் ஒரே விற்பனையை டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் டெபாசிட்டரியும் ரெஜிஸ்ட்ராரும் இருவருமே துறைக்குச் சொல்லிவிடும் நிலை வரும். அடையாளம் காண்பது எளிது: ஃபண்டின் ஒவ்வொரு வகைக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐசின் ஒன்றேதான், ஒரே யூனிட் எண்ணிக்கை, தேதி ஒன்றேதான் அல்லது ஓரிரு நாள் வித்தியாசம், தகவல் தந்தவர் பெயர் மட்டும் வேறு. டெபாசிட்டரிக்கு யூனிட் நகர்ந்தது தெரியும், உங்கள் கைக்கு வந்த விலை தெரியாது. அதனால் இரண்டு வரியிலும் ரூபாய்த் தொகை துல்லியமாக ஒன்றாக இராது. எண்ணிக்கையை வைத்துப் பிடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை எடுக்கும் ஏற்பாடு வைத்திருந்தால் ஒரே மாதிரி வரிகள் உண்மையாகவே பல இருக்கும். வங்கிக் கணக்கில் எத்தனை வரவு என்று எண்ணாமல் இரட்டிப்பு என்று குறிக்காதீர்கள்.

அறிகுறி: ஏஐஎஸ்ஸில் இருக்கிறது, உங்கள் கணக்கில் அந்த விற்பனையே இல்லை

முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்விட்ச். ரெகுலர் பிளானிலிருந்து டைரக்ட் பிளானுக்கு மாற்றுவதும், ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாதாமாதம் நகர்த்துவதும் வரியின் கண்ணில் விற்பனைதான். வங்கிக்குப் பணம் வராததால் பலருக்கு அது விற்பனையாகவே தோன்றுவதில்லை. விரிவான அறிக்கையில் Switch Out என்று தேடுங்கள். இருந்தால் ஏஐஎஸ் சரி, உங்கள் ரிட்டர்னில்தான் குறை.

ஃபண்ட் நிறுவனமே இரண்டு திட்டங்களை இணைத்திருந்தால் கதை வேறு. 47(xviii) பிரிவின்படி தகுதியுள்ள இணைப்பு விற்பனை ஆகாது. பழைய திட்டத்தில் வாங்கிய தேதியும் செலவும் அப்படியே தொடரும்.

அறிகுறி: வித்தியாசம் சில ரூபாய்தான்

பங்கு சார்ந்த ஃபண்டை விற்கும்போது பரிவர்த்தனை வரி 0.001 சதவீதம் பிடிக்கிறார்கள். 7,50,000 ரூபாய்க்கு ஏழரை ரூபாய். இதை ஆதாயத்திலிருந்து கழிக்க முடியாது. வாங்கும்போது 2020 ஜூலை 1 முதல் 0.005 சதவீத முத்திரைத் தீர்வை உண்டு. 10,000 ரூபாய் போட்டால் ஏறக்குறைய 9,999.50 ரூபாய்க்குத்தான் யூனிட் கிடைக்கும். ஒரு தாள் 10,000 என்றும் மற்றது 9,999.50 என்றும் செலவைப் போடுவது இதனால்தான். இதற்காக நோட்டீஸ் வராது, மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வித்தியாசம் விற்ற மதிப்பில் ஒரு சதவீதம் அளவுக்கு இருந்தால் மட்டும் வெளியேறு கட்டணத்தைச் சரிபாருங்கள்.

அறிகுறி: விற்ற மதிப்பு பொருந்துகிறது, நீண்ட கால லாபம் ஏஐஎஸ்ஸில் அதிகம்

2018 ஜனவரி 31 அல்லது அதற்கு முன் வாங்கிய பங்கு சார்ந்த ஃபண்ட் யூனிட்டுகளில் இது அடிக்கடி வரும். அன்றுவரை ஏறிய லாபத்துக்கு வரி இல்லை என்பதற்காகச் சட்டம் செலவை உயர்த்திக்கொள்ள அனுமதிக்கிறது. விதி இது: 31-1-2018 அன்றைய என்ஏவிப்படி, அதாவது அன்றைய யூனிட் விலைப்படி வரும் மதிப்பு, விற்ற மதிப்பு இரண்டில் குறைந்ததை எடுங்கள், அதையும் உண்மையான வாங்கிய செலவையும் ஒப்பிட்டுப் பெரியதை எடுங்கள். எக்செல்லில் உண்மைச் செலவு D பத்தியிலும், அன்றைய மதிப்பு E-யிலும், விற்ற மதிப்பு F-இலும் இருந்தால்:

```
=MAX(D2, MIN(E2, F2))
```

ஏஐஎஸ்ஸில் அன்றைய சந்தை மதிப்புக்கான பத்தி காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்தால், உண்மைச் செலவை மட்டும் கழித்த லாபம்தான் வரும். அது உங்கள் வரியாகிவிடாது.

இங்கே நீங்களும் தடுக்கி விழக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஒரே ஃபண்டுக்கு ரெகுலர், டைரக்ட், குரோத், டிவிடெண்ட் என்று நான்கு வகையும் நான்கு என்ஏவியும் உண்டு. டைரக்ட் பிளானின் என்ஏவி பெரும்பாலும் ரெகுலரைவிட உயரம். உங்கள் யூனிட் ரெகுலர் என்றால் ரெகுலரின் என்ஏவியையே எடுக்க வேண்டும். பெயரை நம்பாமல் ஐசின் எண்ணை வைத்துத் தேடுங்கள்.

அறிகுறி: எதுவும் இடிக்கவில்லை, ஆனால் வாங்கிய தேதி மட்டும் உறுத்துகிறது

இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். ஃபோலியோவாக வைத்திருக்கும் யூனிட்டுகளுக்கு ஆதாயப் பட்டியலும் ஏஐஎஸ் தகவலும் ஒரே ரெஜிஸ்ட்ராரிடமிருந்து போகின்றன. ரெஜிஸ்ட்ரார் பதிவில் தவறு என்றால் இரண்டிலும் அதே தவறு இருக்கும். இரண்டும் பொருந்துவதைப் பார்த்து நிம்மதியாக அந்த வரியைத் தாண்டிவிடுவோம்.

பெற்றோர் இறந்தபின் பெயர் மாற்றி வந்த யூனிட்டுகளில் இது நடக்கும். பெயர் மாறிய தேதியே வாங்கிய தேதியாகவும், அன்றைய என்ஏவியே செலவாகவும் பதிவாகியிருக்கலாம். சட்டப்படி 49(1) பிரிவின் கீழ் முந்தைய உரிமையாளர் கொடுத்த விலைதான் உங்கள் செலவு. 2(42A)-இன்படி அவர் வைத்திருந்த காலமும் உங்கள் காலத்தோடு சேரும். அதனால் குறுகிய காலம் என்று பதிவானது நீண்ட காலமாக மாறும், லாபத் தொகையும் மாறும்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

ஒருவரிடம் ஒரே பங்கு சார்ந்த ஃபண்டில் இரண்டு ஃபோலியோ. முதல் ஃபோலியோவில் 2015 ஜூன் 12 அன்று 40 ரூபாய் என்ஏவியில் வாங்கிய 4,000 யூனிட். 31-1-2018 அன்று என்ஏவி 68. இரண்டாவது ஃபோலியோவில் 1,000 யூனிட். அப்பா 2021 மார்ச் 5 அன்று 90 ரூபாய்க்கு வாங்கியது. அவர் மறைவுக்குப் பின் 2023 டிசம்பர் 20 அன்று, என்ஏவி 130 ஆக இருந்தபோது, இவர் பெயருக்கு வந்தது. 2024 செப்டம்பர் 10 அன்று 150 ரூபாய் என்ஏவியில் 5,000 யூனிட்டையும் விற்றார். மொத்தம் 7,50,000 ரூபாய். ரிட்டர்னை ஃபண்ட் பட்டியல்படியே போட்டார்.

| | ஏஐஎஸ் | ஃபண்ட் பட்டியல், ரிட்டர்ன் | சரியான கணக்கு |
|---|---|---|---|
| 4,000 யூனிட், விற்றது 6,00,000 | செலவு 1,60,000. நீண்ட கால லாபம் 4,40,000 | செலவு 2,72,000. நீண்ட கால லாபம் 3,28,000 | 3,28,000 |
| 1,000 யூனிட், விற்றது 1,50,000 | செலவு 1,30,000. குறுகிய கால லாபம் 20,000 | செலவு 1,30,000. குறுகிய கால லாபம் 20,000 | செலவு 90,000. நீண்ட கால லாபம் 60,000 |
| மொத்த லாபம் | 4,60,000 | 3,48,000 | 3,88,000 |

நோட்டீஸ் சுட்டும் வித்தியாசம் 1,12,000 ரூபாய். 68-இலிருந்து 40-ஐக் கழித்தால் 28. அதை 4,000-ஆல் பெருக்கினால் சரியாக 1,12,000. காரணம் கிடைத்துவிட்டது, ஃபண்ட் பட்டியல் சரி, ஏஐஎஸ் தவறு என்று பதில் எழுதி முடித்துவிடத் தோன்றும். ஆனால் இரண்டாவது ஃபோலியோவில் இரண்டு தாளும் ஒரே குரலில் தவறு சொல்கின்றன. விரிவான அறிக்கையில் அந்த 1,000 யூனிட் பணம் கட்டி வாங்கியதாக இல்லாமல் பெயர் மாற்றமாக வந்திருப்பதைக் கண்டால்தான் இது பிடிபடும்.

இனி வரி. 2024 ஜூலை 23 அல்லது அதற்குப் பின் விற்றதற்கு நீண்ட கால ஆதாயத்தில் 12.5 சதவீதம், குறுகிய காலத்தில் 20 சதவீதம். அந்த ஆண்டுக்கு நீண்ட காலத்தில் முதல் 1,25,000 ரூபாய்க்கு வரி இல்லை. மற்ற வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டியிருக்கிறது, சர்சார்ஜ் இல்லை என்று வைத்துக்கொள்வோம். செஸ்ஸையும் தற்போதைக்கு விடுவோம். ஏஐஎஸ் கணக்குப்படி 3,15,000 ரூபாய்க்கு 39,375, குறுகிய காலத்துக்கு 4,000, ஆக 43,375. ரிட்டர்னில் கட்டியது 2,03,000 ரூபாய்க்கு 25,375, கூட 4,000, ஆக 29,375. சரியான வரி 2,63,000 ரூபாய்க்கு 12.5 சதவீதம், அதாவது 32,875.

துறை நினைப்பதைவிட 10,500 ரூபாய் குறைவு, இவர் கட்டியதைவிட 3,500 ரூபாய் அதிகம். 4 சதவீத செஸ் சேர்த்தால் கட்ட வேண்டிய பாக்கி 3,640, வட்டி தனி. இதையும் நாமே எடுத்துச் சொல்வதுதான் முறை. வாங்கிய தேதியை அதிகாரி கேட்டு வெளியே வருவதற்கும், நாமே கணக்கோடு காட்டுவதற்கும் விளைவில் நிறைய வேறுபாடு உண்டு.

திருத்தமும் பதிலும்

ஏஐஎஸ்ஸில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே கருத்துச் சொல்லும் இடம் உண்டு. இரட்டிப்பான வரிக்கு `Information is duplicate / included in other information`. செலவு தவறான வரிக்கு `Information is not fully correct`. அங்கே சரியான எண்ணைத் தர வேண்டும். உங்கள் கருத்து தகவல் தந்தவரிடம் உறுதிப்படுத்தப் போகும். அவர் முழுதாகவோ பகுதியாகவோ ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். உண்மையில் நடந்த விற்பனையை `Information is denied` என்று மறுத்துவிடாதீர்கள். செலவில்தான் சர்ச்சை, விற்பனையையே மறுத்தால் ரெஜிஸ்ட்ரார் உங்களுக்கு எதிராகச் சான்று தருவார், அடுத்துச் சொல்லும் எதற்கும் மதிப்பு இராது.

ஏஐஎஸ்ஸில் கருத்துப் போட்டது நோட்டீஸுக்குப் பதில் ஆகாது. இ-கேம்பெய்னுக்கும் இ-வெரிஃபிகேஷனுக்கும் Pending Actions வழியே Compliance Portal-இல் பதில் போட வேண்டும். 143(1)(a), 143(2) போன்றவற்றுக்கு e-Proceedings பகுதியில். அங்கே மேலே உள்ளதுபோல் ஒரே பக்க அட்டவணையை முதலில் வைத்து, ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஒரு வரி காரணமும் சட்டப் பிரிவும் எழுதுங்கள். 4,000 யூனிட் வரிக்கு 55(2)(ac) பிரிவையும், விரிவான அறிக்கையையும், அந்த ஐசினுக்கு 31-1-2018 அன்றைய என்ஏவி ஆதாரத்தையும் இணையுங்கள். 1,000 யூனிட் வரிக்கு அப்பாவின் பழைய ஃபோலியோ அறிக்கை, பெயர் மாற்றக் கடிதம், இறப்புச் சான்றிதழ். பழைய ஃபோலியோ எண் கையில் இல்லையென்றால் பெயர் மாற்ற விண்ணப்பத்தில் இருக்கும். ரெஜிஸ்ட்ராரிடம் கேட்டு வாங்கச் சில நாள் ஆகும் என்பதால் அதை முதல் நாளே தொடங்குங்கள். நாள் போதாது என்றால், கெடு முடியும் முன்பே தளத்தில் அவகாசம் கேளுங்கள்.

குறைவாகக் கட்டிய 3,640 ரூபாய்க்கு என்ன வழி? 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்குத் திருத்திய ரிட்டர்ன் போடும் காலம் முடிந்துவிட்டது. 139(8A)-இன் கீழ் புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம். 2027 மார்ச் 31-க்குள் போட்டால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதல். அடுத்த ஆண்டு 50 சதவீதம். ஆனால் 143(2) நோட்டீஸ் வந்து ஆய்வு நிலுவையில் இருந்தால் அந்தக் கதவு மூடப்பட்டிருக்கும். அப்போது சரியான கணக்கைப் பதிலிலேயே எழுதிக் கொடுத்து, ஆணையில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்க வேண்டும். இந்த நிலைக்கு வந்தபின் ஒரு ஆடிட்டரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பித்த ரிட்டர்னால் வரியைக் குறைக்கவும் முடியாது. அதிகம் கட்டியவர்களுக்கு அது பயன்படாது.

பதிலை அனுப்பியதும் ஒப்புகை எண்ணையும், ஏஐஎஸ் கருத்துக்கான ஒப்புகையையும், அன்றைய ஏஐஎஸ் நகலையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். ரெஜிஸ்ட்ராரிடமும் வாங்கிய தேதியையும் செலவையும் திருத்தும்படி எழுத்தில் கேளுங்கள். அந்த ஃபோலியோவில் இன்னும் யூனிட் மிச்சமிருந்தால், அடுத்த முறை விற்கும்போதும் இதே பழைய தேதியோடுதான் தகவல் போகும்.